இரண்டு முறை விழுந்த ஒன்று

கீபோர்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி டி.எல். கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றவன் நான்தான். புதுசு வந்தால் கை பழக நாளாகும், வேகம் குறையும், இன்சென்டிவ் போகும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. வலப்பக்க எண் பலகையில் ஒன்றும் ஒன்பதும் அச்சு அழிந்து வழவழவென்று ஆகியிருந்தன. புதிதாகச் சேரும் பையன்களை அழைத்துவரும்போது டி.எல். என் சீட்டருகே நிற்பார். நான் கையை எடுத்து அந்த வழுக்கையைப் பார்வைக்கு வைப்பேன். அந்த இரண்டு கீக்களும்தான் அங்கே என் சர்ட்டிஃபிகேட்.

ஒன்றும் ஒன்பதும் மட்டும் தேய்ந்ததில் என் பெருமை எதுவும் இல்லை. கிண்டியில் ஒரு மெடிக்கல் பில்லிங் அலுவலகத்தில் இரவு ஷிப்ட்டில் சார்ஜ் என்ட்ரி போடுகிறவன் நான். அமெரிக்க கிளினிக்கில் டாக்டர் டிக் அடித்த சீட்டு ஸ்கேனாகி வரும். அதைப் பார்த்து நோயாளியின் பிறந்த தேதி, நோய்க் குறியீடு, சிகிச்சைக் குறியீடு எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். வருகிற நோயாளிகள் பெரும்பாலும் வயதானவர்கள், பிறந்த வருடம் 19-இல்தான் தொடங்கும். டாக்டரைப் பார்த்ததற்கான குறியீடுகள் 99-இல் தொடங்கும். யார் உட்கார்ந்து அடித்தாலும் அந்த இரண்டும்தான் முதலில் தேயும்.

அன்றைக்கு ராத்திரி ஷிப்ட் தொடங்கியதிலிருந்தே தேதிக் கட்டங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தன. 1948 என்று அடித்தால் 1194 என்று நிற்கும், சிவப்பாகும், அழித்து மறுபடி அடிப்பேன். தூக்கம் என்று நினைத்தேன். பிறகு கேன்டீன் பரோட்டாவை நினைத்தேன். முகம் கழுவி வந்தேன். என் விரலைச் சந்தேகித்தேன், வயிற்றைச் சந்தேகித்தேன். கீபோர்டை மட்டும் சந்தேகிக்கவில்லை.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஆறு என்றால், அவர்களுக்குக் குளிர்காலமாக இருக்கும்போது, நமக்கு அதிகாலை நாலரை. அதற்குள் கடைசி பேட்ச் போயாக வேண்டும். அதில் 42 சீட்டுகள். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கிளினிக் ஒரு முகப்புத் தாள் அனுப்பும். எத்தனை சீட்டு, மொத்தம் எத்தனை டாலர் என்று அதில் இருக்கும். நாங்கள் தொகை அடிப்பதில்லை. குறியீட்டை அடித்தால் அந்த கிளினிக்கின் கட்டணப் பட்டியலிலிருந்து தொகை தானாக வந்து உட்காரும். கடைசியில் திரையில் வரும் கூட்டலும் முகப்புத் தாளும் ஒத்துப்போனால்தான் பேட்ச் மூடும்.

மூணே முக்காலுக்கு 42-ஐயும் முடித்துவிட்டு நெட்டி முறித்தேன். முகப்புத் தாளில் 5,140 டாலர். திரையில் 4,770. இடித்தது 370.

ஒரு சீட்டு விட்டுப்போயிருக்கும் என்று எண்ணினேன். 42 சரியாக இருந்தது. அடுத்து எனக்கு வந்த யோசனையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கிளினிக்காரர்கள் கூட்டலைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, டி.எல்.லுக்கு அதைச் சுட்டிக்காட்டி மெயில் எழுத ஆரம்பித்தேன். பேட்ச் எண் 317. மெயிலில் விழுந்தது 3117. அழித்து அடித்தேன், 317. திருப்திக்காக இன்னொரு முறை, 3117.

மெயிலில் கட்டமும் இல்லை, வரம்பும் இல்லை. அதனால் கண்ணில் பட்டது. சிகிச்சைக் குறியீட்டுக் கட்டம் ஐந்து இலக்கத்துக்கு மேல் வாங்காது. பழைய நோயாளி வந்து டாக்டரைப் பார்த்துப்போனால் மிகச் சாதாரணமாக விழும் குறியீடு 99213. அதை அடிக்கும்போது ஒன்று இரட்டையாக விழுந்தால் 9, 9, 2, 1, 1 என்று கட்டம் நிரம்பிவிடும். கடைசி மூன்றுக்கு இடமில்லை. கம்ப்யூட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ‘டிங்’ சொல்லும். எங்கள் ஃப்ளோரில் ஸ்பீக்கர் கிடையாது. மிஞ்சுவது 99211. இது கண்டபடி விழுந்த எண்ணாக இருந்திருந்தால் சாஃப்ட்வேரே பிடித்திருக்கும். ஆனால் 99211 என்று ஒரு குறியீடு நிஜமாகவே இருக்கிறது. டாக்டர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் நர்ஸ் பி.பி. மட்டும் பார்த்து அனுப்புகிற மாதிரியான, இருப்பதிலேயே மலிவான வருகை அது. டாக்டர் உட்கார்ந்து பேசி மருந்து எழுதியதையெல்லாம் நான் பி.பி. பார்த்த கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லா முறையும் இப்படி விழுந்திருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். எங்கள் மாதிரி மலிவு கீபோர்டில் கீக்களுக்கு அடியில் மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் ஓடும் கோடுகள், நடுத்தாளில் கீக்கு ஒரு ஓட்டை. கீயை அமுக்கினால் ரப்பர் குமிழ் மடங்கி மேல் தாளைக் கீழ்த் தாளோடு தொட வைக்கும். தொடுகிற இடம் தேய்ந்தோ அழுக்கேறியோ போனால், ஒரே அமுக்கலில் தொட்டு, விட்டு, மறுபடி தொடும். இடைவெளி சில மில்லி விநாடிக்குள் இருந்தால் கீபோர்டுக்குள் இருக்கும் சிப் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் இரண்டாக எண்ணும். எந்த அமுக்கலில் தாண்டும் என்று சொல்ல முடியாது. எனக்கு முன்னால் யாரோ கொட்டிய டீ என்று நான் எப்போதும் சொல்லிவந்த கறை ஒன்று அந்த இடத்தில் உண்டு. கொட்டியதும் நான்தான்.

மணி நாலு. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். ஊதினேன். கர்ச்சீப்பை நனைத்து, ஓரத்தைப் பிடித்து அழுத்தித் துடைத்தேன். திரையில் ஏதோ ஒரு பெட்டி வந்து கேள்வி கேட்டது. படிக்காமலே ‘ஆம்’ என்று கிளிக் செய்தேன். அதன்பின் எந்த கீயும் வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் இரண்டாக விழுந்த கீபோர்டில் இப்போது எதுவுமே விழவில்லை. கடைசித் துளித் தண்ணீரில் கொன்றுவிட்டேன் என்று ஐ.டி. சப்போர்ட்டுக்கு ஓடினேன்.

அந்தத் தம்பி வந்து கீபோர்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். “அண்ணா, வலது பக்க ஷிப்ட் கீய ரொம்ப நேரம் அமுக்கிட்டிருந்தீங்களா?”

எட்டு விநாடி அமுக்கினால் விண்டோஸ் ‘ஃபில்டர் கீஸ்’ என்ற வசதியைத் தரட்டுமா என்று கேட்கும். கை நடுங்குகிறவர்களுக்காக வைத்தது. ஆம் என்றால், அதன்பிறகு ஒவ்வொரு கீயையும் ஒரு விநாடி பிடித்தால்தான் எழுத்து விழும். நான் தொட்டுத் தொட்டு எடுத்ததால் ஒன்றுமே விழவில்லை. அவன் அதே கீயை எட்டு விநாடி அமுக்கி உயிர் கொடுத்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஃபில்டர் கீஸுக்குள்ளேயே ‘பவுன்ஸ் கீஸ்’ என்று ஒன்று இருப்பதைச் சொன்னான். ஒரே கீ அரை விநாடிக்குள் மறுபடி விழுந்தால் இரண்டாவதைக் கண்டுகொள்ளாது. என் நோய்க்கென்றே செய்த மருந்து. போடச் சொன்னேன், போட்டான். நம்பிக்கையோடு 99213 அடித்தேன். 9213 விழுந்தது. 99 என்பதில் இரண்டாவது ஒன்பது அரை விநாடிக்குள்தானே வரும்! அரை விநாடிக்குக் கீழே அதில் அளவு கிடையாது. என் வேகத்தைக் குறைத்து ஒன்பது, பொறு, ஒன்பது என்று அடிக்கலாம்; எனக்கு என் வேகத்தின் மேல் இருந்த மரியாதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. எடுத்துவிடச் சொன்னேன்.

அவனிடம் யு.எஸ்.பி. கீபோர்டு இருந்தது. நோயாளி விவரம் வெளியே போகக் கூடாது என்று எங்கள் ஃப்ளோரில் யு.எஸ்.பி. துளைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். பழைய வட்டச் செருகி கீபோர்டு ஸ்டோரில் கிடக்கிறது, ஸ்டோர் சாவி காலை ஒன்பதுக்கு வரும். கிளம்பும்போது, “மேல் வரிசையிலயும் ஒன்னு இருக்கேண்ணா” என்றான். இருந்தது. அதைத் தொட்டே பல காலம் ஆகியிருந்ததால், எழுத்து அப்படியே பளிச்சென்று இருந்தது.

மணி நாலு பத்து. 370-ஐப் பிரிக்க ஆரம்பித்தேன். அந்த கிளினிக்கின் பட்டியலில் 99211-க்கு 30 டாலர், 99213-க்கு 110, 99214-க்கு 160. ஒரு 213 கெட்டால் 80 குறையும், ஒரு 214 கெட்டால் 130 குறையும். 370 வர ஒரே வழிதான்: மூன்று 213, ஒரு 214. பேட்ச்சில் 99211 என்று தேடினேன், ஐந்து வந்தன. அதில் ஒன்று நிஜமாகவே நர்ஸ் வருகை, அது நினைவிருந்தது. மிச்சம் நான்கு. கணக்கு இவ்வளவு அழகாக விழுந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் இரண்டுக்கு ஸ்கேன் படத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டும் 99213. அந்த நேரத்தில் சர்வர் மெதுவாக இருக்கும், ஒவ்வொரு படமும் சுற்றிச் சுற்றித்தான் வரும். மிச்சம் இரண்டில் ஒன்று 213, ஒன்று 214. இதற்கு எதற்குப் படம்? ஒரு நோயாளிக்குச் சர்க்கரை, பி.பி., கொழுப்பு, அசிடிட்டி என்று நான்கு நோய்க் குறியீடுகள். இன்னொருவருக்கு ஒன்றே ஒன்று. நான்கு நோய்க்காரர்தான் டாக்டரை அதிக நேரம் பிடித்திருப்பார் என்று அவருக்கு 214-ஐப் போட்டேன். இடது கையால் மேல் வரிசை ஒன்றைத் தேடித் தேடி அடித்தேன். கூட்டல் 5,140. பேட்ச் மூடியது. மணி 4.26.

டீ குடிக்கும்போது டி.எல்.லிடம் முழுக் கதையையும், 370-ஐப் பிரித்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, சொன்னேன். கேட்டுவிட்டு, “பக்கத்து சீட்டு காலியாத்தானே கிடந்துச்சு? அங்க போய் உங்க லாகின்ல உக்காந்திருக்கலாமே” என்றார். டீ சூடாக இருக்கிறது என்று சொல்லி அங்கிருந்து நகர்ந்தேன்.

க்யூ.சி. அறிக்கை பிறகு வந்தது. அந்த பேட்ச்சில் இரண்டு தவறுகள். நான்கு நோய்க்காரருக்கு டாக்டர் டிக் அடித்திருந்தது 99213. ஒரே நோய்க்காரருக்குத்தான் 99214. 2021 முதல் இந்த வருகைகளுக்கான நிலையை டாக்டர் செலவழித்த நேரத்தையோ, எடுத்த முடிவின் சிக்கலையோ வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நோய்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அல்ல. இது எங்களுக்குப் பயிற்சியிலேயே சொன்னதுதான். ஒருவர் கணக்கில் 50 டாலர் ஏறி, இன்னொருவர் கணக்கில் 50 டாலர் இறங்கியிருந்தது. கூட்டல் மட்டும் கச்சிதமாக நின்றது.

அறிக்கையில் ‘மூல காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘கீபோர்டு பழுது’ என்று நிரப்பி அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே ஒரு லாக் இணைத்திருந்தார்கள்: திருத்திய நேரத்தில் அந்த இரண்டு நோயாளிகளின் படங்களும் திறக்கப்படவில்லை. ‘படம் பார்க்காமல் ஊகித்தது’ என்று மாற்றி எழுதி, புதுக் கீபோர்டில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அனுப்பி வைத்தேன்.