தமிழில் எழுதினால் மதிப்பு குறையுமா?

கேள்வி: என் மகள் நீட் தேர்வைத் தமிழில் எழுதினால், மதிப்பெண்ணுக்கு மவுசு குறையுமா சார்?
– பிளஸ் டூ மாணவியின் அப்பா, திண்டுக்கல்

பதில்: குறையாது. எந்த மொழியில் எழுதினாலும் தரவரிசைப் பட்டியல் ஒன்றுதான். சிக்கல் வினாத்தாளில். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு. சிறுத்தை அதில் ‘சீத்தா’வாகி மரமேறிவிட்டது! கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நல்லவேளை, தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும். கேள்வி இடறினால் மகள் ஓரக்கண்ணால் அங்கே பார்க்கட்டும். அது காப்பி அல்ல!