கேட்ட தாளைத் தவிர

மூலப்பத்திரத்தைக் கேளுங்கள், வீட்டு வரி ரசீதை எடுத்து நீட்டுவார். பிளானைக் கேளுங்கள், கரன்ட் அட்டை வரும். வில்லங்கச் சான்று கேட்டால் பட்டா. பட்டாவைப் பற்றி ஒரு சந்தேகம் கிளப்பிவிட்டால், "இதைப் பாருங்க சார்" என்று கிரகப்பிரவேசத்தன்று எடுத்த போட்டோவே வந்துவிடும். சென்னையின் புறநகரில் பழைய தனி வீட்டை விலை பேசப் போன யாருக்கும் இந்தப் பெரியவரைத் தெரியும். பொய் சொல்ல மாட்டார். கேட்ட தாளை மட்டும் தர மாட்டார்.

தாள் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கட்டைப்பை நிறைய வைத்திருப்பார். எல்லாம் வருஷவாரியாக, பிளாஸ்டிக் உறைக்குள். தண்ணீர் வரி ரசீதைக்கூட லேமினேட் செய்திருப்பார். புரோக்கர் வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே அனுப்புவார்: "ரொம்ப நல்ல பார்ட்டி சார், எல்லாம் பக்கா."

தாம்பரம் பக்கத்தில் நான் பார்த்தவர், வில்லங்கச் சான்றை மட்டும் நான் கேட்பதற்கு முன்பே மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். "ஈசி நில் சார். சுத்தமா நில். ஒரு கடன் கிடையாது, ஒரு அடமானம் கிடையாது." ரத்தத்தில் சர்க்கரை இல்லை என்று ரிப்போர்ட் காட்டுகிறவரின் பெருமை முகத்தில். வாங்கிப் பார்த்தேன். 2010-லிருந்து எடுத்திருந்தார்.

"மனை எப்ப வாங்கினது சார்?"

"1984. அப்பா வாங்கினது."

"அப்ப 84-லிருந்து ஈசி எடுக்கலாமே?"

"எதுக்கு சார்? அதான் நில்லுன்னு போட்டிருக்கே" என்று சொல்லி, இந்த அரையாண்டு வரி கட்டிய ரசீதைத் தந்தார்.

வில்லங்கச் சான்று சொல்வது ஒன்றுதான்: நீங்கள் கேட்ட தேதியிலிருந்து கேட்ட தேதி வரைக்கும், இந்த சர்வே எண்ணுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பது. பதிவாகாத எதுவும் அதற்குத் தெரியாது. கோர்ட்டில் வழக்கு நடப்பது தெரியாது. எழுதிப் பதிவு செய்யாமல், பத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கடன் வாங்கியிருந்தால் தெரியாது. ஒருவர் இறந்துபோனதும் தெரியாது.

பதிவுத்துறையின் இணையதளத்தில் 1984-லிருந்து போட்டு நானே பார்த்தேன். ஒரே ஒரு பதிவு. 1984-ல் பெரியவரின் அப்பா வாங்கிய கிரயம். அதோடு சரி. அப்பா பேரில் வாங்கிய வீட்டை மகன் விற்கிறார். அப்பாவிடமிருந்து மகனுக்கு எப்படி வந்தது என்று சொல்ல நடுவில் ஒரு தாளும் பதிவாகவில்லை. பாகப்பிரிவினை இல்லை, தானசெட்டில்மென்ட் இல்லை, விடுதலைப் பத்திரம் இல்லை. அவர் பெருமையோடு காட்டிய அந்த 'நில்'லுக்கு அதுதான் அர்த்தம். செய்ய வேண்டிய காரியம் எதுவும் நடக்காததால் வந்த நில் அது.

அடுத்த தடவை இதைக் கேட்டேன். பட்டா வந்தது. "என் பேர்ல இருக்கு பாருங்க சார், என் ஒருத்தன் பேர்ல." இருந்தது. பட்டா வருவாய்த்துறையின் கணக்கு. அதில் பேர் ஏறினதால் மட்டும் சொத்து முழுவதும் ஒருவருக்கு வந்துவிடாது என்று கோர்ட்டுகள் பல தடவை சொல்லியாகிவிட்டது. இதை மரியாதையாக எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, சிட்டா நகலைத் தந்தார்.

சரி, மூலப்பத்திரத்தின் ஒரிஜினலையாவது பார்த்துவிடலாம் என்று கேட்டேன். கலர் ஜெராக்ஸ் வந்தது. முத்திரைத்தாளின் நிறம்கூட அப்படியே இருந்தது. "ஒரிஜினல் எங்க சார்?" "பத்திரமா இருக்கு." "எங்க?" இன்னொரு கலர் ஜெராக்ஸை எடுத்தார். இது முதல் பிரதியைவிடத் தெளிவாக இருக்கும் என்றார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "திருச்சி அக்கா வீட்லதானே இருக்கு, சொல்லுங்களேன்."

இப்படித்தான் அக்கா வந்தார். அரை மணி நேரத்தில் ஒரு தங்கையும் வந்தார். அதுவரைக்கும் இந்த வீட்டில் பெண் பிள்ளைகளே பிறக்காத மாதிரிதான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வாரிசுச் சான்று கேட்டேன். அது இருந்தது, லேமினேஷனோடு. அம்மா, மகன், இரண்டு மகள்கள். அப்பா 1998-ல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். அம்மாவும் பிறகு அப்படியே. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து; இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லிருந்தே மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றுதான் சொல்கிறது. ஆக, பெரியவர் விற்பதற்கு உரிமையுள்ளது மூன்றில் ஒரு பங்கு. விலை சொன்னது முழு வீட்டுக்கு.

"அவங்க ரெண்டு பேரும் 89-க்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்க சார். சட்டத்திலயே இல்ல."

இந்தப் பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. அதற்கு முன் மணமான மகள்களை அது விட்டுவிட்டது உண்மை. 2005-ல் மத்தியச் சட்டம் அந்தக் குறையையும் தீர்த்துவிட்டது. அப்பா தன் சம்பளத்தில் வாங்கிய மனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொன்னேன். கேஸ் புத்தகத்தை எடுத்தார், இணைப்பு அவர் பேரில்தான் இருக்கிறதாம்.

கட்டட அனுமதியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பிளானில் தரைத்தளம் மட்டும். நாங்கள் காபி குடித்தது முதல் மாடியில். "மேல பின்னாடி கட்டினது சார், தனி மீட்டர், தனி வரி." அனுமதி இல்லாமல் கட்டியதற்கும் வரி போடுவார்கள், வரி போட்டதாலே அது அனுமதி ஆகிவிடாது. கடனுக்குப் போனால் வங்கியின் மதிப்பீட்டாளர் ஒரு கையில் பிளானோடு வந்து நிற்பார், அவருக்கு கிரகப்பிரவேசப் போட்டோ செல்லாது.

இவ்வளவுக்கும் அவர் மேல் கோபம் வரவில்லை. நாற்பது வருஷ ரசீதில் ஒன்றுகூடத் தொலைக்காத மனிதர். அரசாங்கம் எதைக் கேட்டாலும் காட்ட வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே இருந்த பயம் அந்தக் கட்டைப்பையில் இருக்கிறது. அவர் மனதில் வீடு அவருடையதுதான். வெள்ளை அடித்தது அவர், அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது அவர். அதெல்லாம் சரி. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காதது சரியில்லை. ஒரிஜினலை அக்கா ஏன் எடுத்துப் போய் வைத்திருக்கிறார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அது தெரிந்தும் என்னிடம் அட்வான்ஸ் பத்து லட்சம் கேட்டதற்கு வெள்ளந்தி என்று பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டை விற்க நினைக்கும் பெரியவர்களே, புரோக்கரிடம் சொல்வதற்கு முன் அக்கா தங்கைகளுக்கு ஒரு போன் போடுங்கள். பணமாகவோ பங்காகவோ பேசி முடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு, கிரயத்துக்குப் போல 7 சதவீத முத்திரைத் தீர்வை கிடையாது. அதற்கு உச்சவரம்பும் உண்டு. அதன்பிறகு உங்கள் ஈசி 'நில்'லாக இருக்காது. பரவாயில்லை, நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.