இரண்டாம் இயல்

தஞ்சைப் பக்கம் சோழர் அரசைப் பற்றி ஆய்வேடு எழுதுபவரின் இரண்டாம் இயல் பெரும்பாலும் ஒரு மூத்தோர் வழிபாடு. ‘இவர் இவ்வாறு கூறுகிறார், அவர் அவ்வாறு கூறுகிறார்’ என்று ஆளுக்கொரு பத்தியாக அறுபது பக்கம். சுருக்கச் சொன்னால் பத்திக்கு ஒரு வரி பிடுங்கிக் கோக்கிறார்கள். அது வருகைப் பதிவேடு.

எல்லோரும் எந்தக் கேள்விக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தால் போதும்: மன்னன் ஆணை ஊர் வயல்வரை எட்டியதா? எட்டியது, வலுவான மைய அரசு என்றார் நீலகண்ட சாஸ்திரி. காவிரிப் படுகையைத் தாண்டினால் அது பெரும்பாலும் சடங்கு அதிகாரம், நடப்பெல்லாம் நாட்டார் கையில் என்றார் பர்ட்டன் ஸ்டைன், 1980இல். கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களையும் அதிகாரிப் பட்டங்களையும் எண்ணிப் பார்த்து, ஸ்டைன் நினைத்ததைவிட அரசு கெட்டி என்றனர் கரஷிமாவும் சுப்பராயலுவும். தீர்ந்தது.

அடுத்து ஆய்வு இடைவெளி. ‘இத்தலைப்பை இதுவரை எவரும் ஆராயவில்லை’ என்று எழுதுகிறார்கள். அதற்குத் தலைப்பே காரணமாக இருக்கலாம். உண்மையான இடைவெளி வேறிடத்தில்: மூன்று தரப்பும் பெரும்பாலும் படித்தது கோயில் சுவரை. விளக்குக்கு ஆடு கொடுத்தவர் பெயர் அதில் உண்டு, நாற்று நட்டவள் பெயரைத் தேட வேண்டும். இந்த ஒரு வரி ஆய்வேட்டிலும் இருக்கிறது, நாற்பதாம் பக்க அடிக்குறிப்பில்.