மன்னிப்பு மடல், நான்காம் வரைவு

2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறைக்கு மறுநாள் என்பதால் என் டீமில் பதினொரு பேரில் ஐந்து பேர் லீவு. மாலை ஆறு பத்துக்கு ஒரு மெயிலைத் தட்டிவிட்டு, போனை சைலன்ட்டில் போட்டுக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் கலந்துவிட்டேன். சாராம்சம் இதுதான்: 18ஆம் தேதி சனிக்கிழமை ரிலீஸ், டீம் முழுக்க 21 வரை லீவு ரத்து. தலைப்பு, 'எக்சைட்டிங் அப்டேட்!' அந்த ஆச்சரியக்குறியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தீபாவளி 20ஆம் தேதி, திங்கள். ரயில் முன்பதிவு அறுபது நாள் முன்னால் திறக்கும். 17ஆம் தேதி ரயிலுக்காக என் டீம் பிள்ளைகள் ஆகஸ்ட் 18 காலை எட்டு மணிக்குக் கூட்டுப் பிரார்த்தனைபோல லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். நெல்லைக்கு கன்ஃபர்ம் ஆனவனுக்கு அன்று டீ வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

சோழிங்கநல்லூர் சிக்னலில் போனை எடுத்தேன். டீம் வாட்ஸ்அப் குரூப் மயான அமைதி. ஒரு குரூப் அமைதியானால், நான் இல்லாத இன்னொரு குரூப் பிறந்துவிட்டது என்று பொருள். பதறிப்போய் வீட்டுக்கு வந்ததும் மெயிலைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினேன். போனில் மெயில் பார்த்தவர்களிடம் அது எடுபடவில்லை. இன்னார் இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்ற அறிவிப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது. லீவில் இருந்த ஐந்து பேரும் அதைப் பார்த்த பிறகுதான் முதல் மெயிலைத் தேடிப் படித்தார்களாம்.

சனிக்கிழமை மன்னிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு: 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாட்டுக்கு வருந்துகிறோம்.' குறைபாடு தானாக ஏற்பட்டதாம், மழை பெய்த மாதிரி. வருந்துபவர்களும் பன்மை, நான் எங்கே ஒளிந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது: 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்...' பதினொரு பேரின் தீபாவளியைப் பறித்துவிட்டு 'புண்பட்டிருந்தால்' என்று சந்தேகம் வேறு. மூன்றாவதை ஹெச்.ஆர். நண்பர் செப்பனிட்டுத் தந்தார். அதில் 'குடும்பம்' என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. தீபாவளிக்குச் சொந்தக் குடும்பத்தைப் பார்க்க விடாதவன் எழுதக்கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அதுதான்.

மனைவி மூன்றையும் படித்தாள். பள்ளி ஆசிரியை, லீவ் லெட்டரில் பொய்யை மோப்பம் பிடித்தே பதினைந்து வருஷம் ஓட்டியவள்.

"மன்னிப்பு இருக்கட்டும். லீவு உண்டா இல்லையா? அது எங்கேயுமே இல்லையே."

"அதுக்கு நான் கிளையன்ட்கிட்ட பேசணும்."

"அப்போ முதல்ல பேசு. அப்புறம் எழுது."

அவளே தொடர்ந்தாள்: "அதோட, இந்தத் தேதி உனக்கு எப்போ தெரியும்?"

செப்டம்பர் 22. கிளையன்ட் தேதியை மாற்றிவிடுவார் என்று நம்பிப் பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்று வரைவிலும் அது இல்லை.

அன்றிரவு கிளையன்ட்டோடு பேசினேன். தேதி அசையவில்லை. ஆனால் ரிலீஸுக்கு உண்மையில் எத்தனை பேர் வேண்டும் என்று வேலையைப் பிரித்து எழுதிப் பார்த்தபோது நான்கு பேர் போதும் என்று வந்தது. பதினொரு பேரையும் நிறுத்தியது தேவையால் அல்ல, என் பயத்தால்.

நான்காம் வரைவு இப்படி முடிந்தது: 'தேதி எனக்கு செப்டம்பர் 22ஆம் தேதியே தெரியும். உங்களிடம் சொல்லவில்லை, அது என் தப்பு. ரிலீஸ் மாறாது. நான்கு பேர் போதும், அதில் ஒருவன் நான். இன்னும் மூன்று பேர் வேண்டும். சென்னையிலேயே இருப்பவர்களைத் திங்கட்கிழமை நேரில் கேட்கிறேன். மற்றவர்கள் ஊருக்குப் போகலாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டவர்களின் பயணச் செலவு என் பொறுப்பு.' தலைப்பில் ஆச்சரியக்குறி இல்லை.

கடைசி வரியை எழுதும்போது ஸ்லீப்பர் டிக்கெட்டின் ரத்துக் கட்டணம் 120 ரூபாய் மட்டுமே மனசில் இருந்தது. டீமின் மதுரைக்காரப் பெண் வெள்ளி இரவே கோபத்தில் ரத்து செய்துவிட்டிருந்தாள். அவளுக்கு 120 ரூபாய் நஷ்டம், எனக்கு ஆம்னி பஸ் டிக்கெட். தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆம்னி பஸ் கட்டணம் என்பது விமானக் கட்டணத்துக்கு உடன்பிறந்த தம்பி. இதை எந்தத் தலைப்பில் கிளெய்ம் பண்ணுவது என்று ஃபைனான்ஸில் கேட்டார்கள். 'மேனேஜரின் வாய்' என்றொரு தலைப்பு அவர்கள் பட்டியலில் இல்லாததால் என் கையிலிருந்தே போனது.

திங்கட்கிழமை, நெல்லைக்காரப் பையனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "உன் டிக்கெட்டுக்கு எவ்வளவுப்பா ஆச்சு?"

"நான் ரத்தே பண்ணல சார்," என்றான். "நீங்க வெள்ளிக்கிழமை ஒரு மெயில் போட்டா, திங்கக்கிழமைக்குள்ள இன்னொண்ணு வரும்னு தெரியும்."