கொத்சுவும் கொஞ்சம் காதலும்

கடலூரில் ஒரு பெண் டேட்டிங் ஆப்பில் பிச்சாவரம் படகுப் படம் போட்டு, கீழே "சம்பா சாதத்துக்குக் கொத்சுதான், விவாதம் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாள் என்று வையுங்கள். வந்து குவிவது என்ன? "ஹாய்", "உங்க கண்ணு சூப்பர்", "சாப்டீங்களா?" அந்தக் கண் வரியில் பெயரை மாற்றக்கூட வேண்டாம்; சிதம்பரத்துப் பெண்ணுக்கும் அப்படியே அனுப்பலாம். அனுப்பியும் இருப்பார்கள்.

ஹிஞ்ச் போன்ற ஆப்பில் குறிப்பிட்ட படத்தின் கீழேயே, பதிலின் கீழேயே கருத்து எழுத இடம் உண்டு. நம் ஆட்கள் அங்கேயும் "வாவ்" என்று எழுதிவிட்டு, பதில் வரவில்லையே என்று நெட்வொர்க்கைத் திட்டுகிறார்கள்.

அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கொத்சுக்குக் கத்திரிக்காயைச் சுடுவீங்களா, வதக்குவீங்களா? எங்க வீட்டுல இதுல ரெண்டு கட்சி." இவ்வளவு போதும். அவள் சொன்னதைப் படித்தது தெரிகிறது, ஒரே சொல்லில் பதில் சொல்லலாம், அனுப்பியவர் வீட்டைப் பற்றியும் ஒரு துளி கிடைக்கிறது. வேறு யாருக்கும் இதை அனுப்ப முடியாது.

உற்சாகம் மிஞ்சினால் ஆபத்து. சிலர் பிச்சாவரத்துச் சுரபுன்னை பற்றி மூன்று பத்தி பாடம் நடத்துவார்கள். இன்னும் சிலர், "இன்னொரு படத்துல பின்னாடி தெரியற போர்டு மஞ்சக்குப்பம்தானே? எந்தத் தெரு?" என்பார்கள். அவள் எழுதியதைக் கேட்பது பேச்சு; எழுதாததைத் துப்பறிவது காவல் நிலையத்துக்கு வழி. கத்திரிக்காயோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.