அர்ஜென்ட்டுக்கு என்ன விலை?

எங்கள் மேலாளர் எல்லா மெயிலிலும் ‘அர்ஜென்ட்’ போடுகிறார். எதை முதலில் திறப்பது?
– இன்பாக்ஸில் மூழ்கியவன், அம்பத்தூர்

எதற்காகப் போன் செய்து “மெயில் பாத்தீங்களா?” என்று கேட்கிறாரோ, அதை. அவருக்கும் மாதத்தில் ஒரு நாள் உண்மையான அவசரம் வரும். அன்றைக்குத் தன் ‘அர்ஜென்ட்’டை அவரே நம்பாமல் போனை எடுப்பார். ஒரு அலுவலகத்தில் இந்தச் சொல் செத்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால், மெயில் அனுப்பிய கையோடு எத்தனை போன் போகிறது என்று பாருங்கள்.

கூடுதலாக ஒரு சொல் போட்டால் என்ன குறைந்துவிடும்? கவனமாகப் படிப்பார்கள் அல்லவா?
– முன்ஜாக்கிரதை, திருச்சி

கல்யாணத்தில் நாயனக்காரர் காலையிலிருந்து வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஐயர் விரலை உயர்த்தியதும் கெட்டிமேளம் கொட்டினால், பின்வரிசையில் அரட்டை அடிப்பவர் கைகூட அட்சதையோடு எழுகிறது. அதையே காப்பி கொடுக்கும்போதும் பந்திக்குக் கூப்பிடும்போதும் கொட்டினால், தாலி ஏறும் நேரத்தில் பாதி கூட்டம் செல்போனில் இருக்கும்.

கணக்காகவும் பார்க்கலாம். நாற்பது மெயிலில் இரண்டுக்கு மட்டும் குறி இருந்தால், மற்ற முப்பத்தெட்டையும் மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கலாம். முப்பதுக்குக் குறி இருந்தால் குறியால் எந்தப் பயனும் இல்லை. அதைவிட மோசம், குறியில்லாமல் வந்த பத்தில் ஒரு நல்ல மனிதர் அடக்கமாக எழுதிய உண்மையான வேலை ஒன்று இருக்கும். அதுதான் அடியில் போகும். அடுத்த முறை அவரும் ‘அர்ஜென்ட்’ போடக் கற்றுக்கொள்வார்.

டிரங்க் கால் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். அப்போதும் ‘அர்ஜென்ட்’ இருந்தது. இவ்வளவு கேவலப்படவில்லையே, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆபரேட்டர், மதுரை

ஏனென்றால் ஐயா, நீங்கள் அதற்குக் காசு வாங்கினீர்கள்! ஆர்டினரி என்றால் ஒரு கட்டணம். அர்ஜென்ட் என்றால் இரட்டிப்பு. லைட்னிங் என்றால் கேட்பவருக்கே இடி விழுகிற கட்டணம். பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால் அர்ஜென்ட் கேட்டார்கள். பெரியப்பா நலமா என்று விசாரிக்க ஆர்டினரியில் பதிவு செய்துவிட்டு, மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். எது அவசரம் என்று பர்ஸ் முடிவு செய்தது. மெயிலில் ‘அர்ஜென்ட்’ இலவசம். அனுப்புகிறவருக்கு ஆறு ஆங்கில எழுத்துச் செலவு. மிச்சச் செலவெல்லாம் படிக்கிறவர் தலையில்.

உங்கள் காலத்தில் பி.பி. கால் என்று ஒன்றும் இருந்ததே, நினைவிருக்கும். இன்னார் லைனுக்கு வந்தால்தான் பேசுவேன் என்று பெயர் சொல்லிக் கேட்பது. அதற்கும் தனிக் கட்டணம். அதைப் பற்றிக் கீழே ஒரு வாசகிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காசு வாங்காமல் இதைக் கட்டுப்படுத்திய இடம் எங்காவது உண்டா?
– சந்தேகப் பிராணி, நாகர்கோவில்

உண்டு. அமெரிக்க ராணுவம் 1960-களில் அமைத்த ஆட்டோவான் என்ற தொலைபேசி வலையமைப்பு. அதன் போன்களில் நாம் பார்க்கும் பன்னிரண்டு பொத்தான்களுக்கு வலப்பக்கம் நான்காவதாக ஒரு வரிசை இருந்தது. பிரையாரிட்டி, இம்மீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைடு என நான்கு படிகள். மேல்படிப் பொத்தானை அழுத்தினால், லைன் காலியாக இல்லாவிட்டாலும் கீழ்ப்படியில் பேசிக்கொண்டிருப்பவர் துண்டிக்கப்பட்டு உங்களுக்கு வழி கிடைக்கும். ஆனால் எந்த இணைப்பு எந்தப் படிவரை போகலாம் என்று முன்கூட்டியே வரம்பு வைத்திருந்தார்கள். கிடங்கு குமாஸ்தா எத்தனை முறை அழுத்தினாலும் ஃபிளாஷ் ஆகாது. உங்கள் அலுவலக மெயிலிலோ கேன்டீன் மெனு மாறினாலும் ஃபிளாஷ் ஓவர்ரைடுதான்.

சம்பளப் பிரிவில் இருக்கிறேன். ‘ஆக்‌ஷன் ரிக்வயர்ட்: முதலீட்டு ஆதாரங்கள்’ என்று ஜனவரி முழுக்க ஆறு மெயில் அனுப்பினேன். 280 பேரில் நூறு பேர் தரவில்லை. பிப்ரவரியில் வரி பிடித்ததும் சண்டைக்கு வருகிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?
– கணக்குப் பிரிவு வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, ஆறு மெயிலும் 280 பேருக்கும் போனதா? போயிருக்கும். அங்கேதான் கோளாறு.

அந்த 280 பேரில் புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருப்பார்கள். எல்.ஐ.சி. ரசீது, வாடகை ரசீதெல்லாம் அவர்களுக்குத் தேவையே இல்லை. டிசம்பரிலேயே எல்லாவற்றையும் கொடுத்து முடித்த சமர்த்தர்களும் இருப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நீங்கள் ஆறு முறை ‘நடவடிக்கை தேவை’ என்று சொன்னீர்கள். ஆறு முறையும் அது பொய். ஜூலையில் நிஜமாகவே அவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்து, இதே தலைப்பில் மெயில் அனுப்பினால் திறப்பார்களா?

மூன்றாவது கூட்டம்தான் உங்கள் நூறு பேர். அவர்களில் பலர் சோம்பேறிகள் அல்ல. “நான்தான் எல்.ஐ.சி. ரசீது கொடுத்துட்டேனே, இது மத்தவங்களுக்கு” என்று நினைத்தவர்கள். வாடகை ரசீது வரவில்லை, ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும் என்பது உங்கள் எக்செல் தாளுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. பொதுவாக எழுதிய தலைப்பு, தான் செய்துவிட்டதாக நினைக்கிற ஒவ்வொருவரையும் தப்பிக்க விடும்.

அடுத்த ஜனவரியில் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் புதிய வரிமுறைக்காரர்களையும் கொடுத்து முடித்தவர்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சமிருப்பவர்களை, எது வரவில்லை என்பதை வைத்துப் பிரியுங்கள். வாடகைக் கூட்டத்துக்குத் தலைப்பு: ‘ஜனவரி 24-க்குள்: உங்கள் வாடகை ரசீதும் வீட்டுக்காரர் பான் எண்ணும் வரவில்லை’. ‘ஆக்‌ஷன் ரிக்வயர்ட்’ வேண்டாம். செல்போனில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அந்த இடத்தை அது தின்றுவிடும். தேதியும் விடுபட்ட பொருளும் அங்கே இருக்கட்டும். மெயிலின் முதல் வரியில் விளைவைச் சொல்லுங்கள்: தராவிட்டால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிக்கப்படும், பிறகு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் திரும்பக் கேட்க வேண்டும்.

கடைசி இரண்டு நாளில் பத்துப் பதினைந்து பேர் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு மட்டும் அந்தப் பெரிய எழுத்து ‘ஆக்‌ஷன் ரிக்வயர்ட்’டைப் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதற்கு மரியாதை இருக்கும்.

பட்டியலைப் பிரிக்க அரை நாள் ஆகுமே என்பீர்கள். ஆகும். அந்த அரை நாளைத்தான் இதுவரை 280 பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்து வந்தீர்கள்.

‘எஃப்.ஒய்.ஐ.’ என்று போட்டு மேலாளர் ஒரு மெயிலை ஃபார்வர்டு செய்கிறார். ஒரு வாரம் கழித்து “அது என்ன ஆச்சு?” என்கிறார். தகவலுக்கு அனுப்பியதில் நான் என்ன செய்ய?
– அப்பாவி, ஓசூர்

அது தகவல் இல்லை, கை கழுவல். நீளமான மெயிலை முழுக்கப் படிக்க அவருக்குப் பொறுமையில்லை. மூன்றாவது பத்தியில் வாடிக்கையாளர் “அடுத்த மாதம் முதல் இந்த விலைக்கு முடியுமா, சொல்லுங்கள்” என்று கேட்டிருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. அல்லது பட்டது, அதனால்தான் உங்களிடம் வந்தது.

வந்த அன்றே ஒரு வரி பதில் எழுதிவிடுங்கள்: “பார்த்தேன் சார். விலை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நான் பதில் தரவா, நீங்கள் தருகிறீர்களா?” பந்து அவர் பக்கம் போய்விடும். இரண்டு முறை போனால் மூன்றாம் முறை அவரே படித்துவிட்டு அனுப்புவார்.

ஒரே மெயில் பதினான்கு பேருக்குப் போகிறது. இரண்டு பேர்தான் வேலை செய்ய வேண்டும். தலைப்பில் என்ன போடுவது?
– குழப்பத்தில் ஒருத்தி, சிங்காநல்லூர்

நல்ல கேள்வி, ஏனென்றால் தலைப்பால் இதைச் சொல்லவே முடியாது. தலைப்பு பதினான்கு பேருக்கும் ஒன்று. தேவையோ ஆளுக்கு ஆள் வேறு. நம் அரசு அலுவலகக் கடிதங்களின் அடியைப் பாருங்கள். ‘நகல்’ என்ற பட்டியலில் ஒருவருக்கு எதிரே ‘தகவலுக்காக’, இன்னொருவருக்கு எதிரே ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று இருக்கும். அவர்கள் முத்திரையைக் கடிதத்துக்குக் குத்தவில்லை, ஆளுக்குக் குத்தினார்கள்.

நீங்களும் பி.பி. கால் போடுங்கள். அந்த இரண்டு பேருக்குத் தனி மெயில், பெயரும் தேதியும் சொல்லி. ஒரே மெயிலாகத்தான் போக வேண்டுமென்றால், முதல் வரியில் அந்த இருவரின் பெயரும் வேலையும், அடுத்த வரியில் “மற்றவர்களுக்குத் தகவலுக்கு மட்டும்”. அவசரம் என்று தலைப்பில் போட்டுப் பதினான்கு பேரை எழுப்பினால், ஒவ்வொருவரும் மற்ற பதின்மூன்று பேரைப் பார்ப்பார்கள்.

வேலை முடிந்து ஒரு மாதமாகிறது. இன்னும் ‘ரீ: ரீ: அர்ஜென்ட்’ என்றே நன்றி மெயில்கள் வருகின்றன.
– கடுப்பானவர், தாம்பரம்

மெயிலுக்குப் பதில் போடும்போது தலைப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது, யாரும் கழற்றுவதில்லை. இதை மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு யோசித்து வைத்திருக்கிறது: கோப்புக்குக் கொடுத்த அவசரக் குறியை ஒவ்வொரு கட்டத்திலும் மறுபரிசீலனை செய்து, தேவைப்பட்டால் மாற்ற வேண்டும் என்கிறது. கையேடு சொல்கிறது, கோப்பு என்ன செய்கிறது என்பது வேறு கதை.

நீங்கள் தலைப்பைத் திருத்தலாம். ஒரு சிக்கல்: ஜிமெயிலில் தலைப்பை மாற்றிப் பதில் போட்டால் பழைய உரையாடலிலிருந்து பிரிந்து புதிதாக ஆரம்பிக்கும். அதனால் வேலை நடக்கும்போது மாற்றாதீர்கள். முடிந்ததும் ‘முடிந்தது’ என்று தலைப்பு மாற்றி ஒரு மெயில். பிரிவதும் நல்லதுதான்.

அவுட்லுக்கில் அந்தச் சிவப்பு ஆச்சரியக்குறி?
– ஒருவரிக்காரர், புதுச்சேரி

அனுப்புகிறவரின் ஆசை. மெயிலின் தலைக்குறிப்பில் ‘Importance: high’ என்று ஒரு வரி சேரும், அவ்வளவுதான். ஜிமெயிலில் தெரியும் மஞ்சள் குறி வேறு சாதி: அது நீங்கள் யார் மெயிலைத் திறக்கிறீர்கள் என்பதையெல்லாம் பார்த்து ஜிமெயிலே ஊகிப்பது. அனுப்புகிறவர் கத்தினாலும் மசியாது.

‘அர்ஜென்ட்’ என்றால் திறக்காதே என்று எங்கள் ஐ.டி. பிரிவு பயிற்சி கொடுக்கிறது. அப்புறம் அவர்களே ‘அர்ஜென்ட்: பாஸ்வேர்டை மாற்றுங்கள்’ என்று அனுப்புகிறார்கள்!
– தலை சுற்றுபவர், சோழிங்கநல்லூர்

மோசடிக்காரனுக்கும் அவர்களுக்கும் ஒரே சொல்வளம். “இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்”, “கே.ஒய்.சி. உடனே புதுப்பிக்கவும்” எல்லாமே நம்மை யோசிக்க விடாமல் விரலைத் தட்ட வைக்கும் வேலை. பாஸ்வேர்டு மெயிலில் லிங்க்கைத் தொடாமல், அலுவலகத் தளத்தை நீங்களே திறந்து மாற்றுங்கள். ஐ.டி. பிரிவிடம் “இந்த மெயில் உங்களுடையதா?” என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் தலைப்பு மாறும்.

அடுத்தவரைத் திட்டுவது இருக்கட்டும். நான் எவ்வளவு மோசம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– மனசாட்சி உள்ளவர், கும்பகோணம்

ஜிமெயிலின் தேடல் பெட்டியில் இதை அடியுங்கள்:

```
in:sent subject:urgent newer_than:30d
```

கடந்த முப்பது நாளில் நீங்கள் அனுப்பிய அவசரங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயம் பாருங்கள்: கெடு எழுதியிருந்தீர்களா, அந்தக் கெடு தாண்டியபோது என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது அவசரமில்லை. பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் எனக்கு எழுத வேண்டாம், உங்கள் சகாக்களுக்கு ஒரு மெயில் எழுதுங்கள். தலைப்பில் ‘அர்ஜென்ட்’ போட்டுவிடாதீர்கள், திறக்க மாட்டார்கள்.