சட்டை இருக்கட்டும், சோகம் போகட்டும்

கேள்வி: என் சிறுகதையின் முதல் காட்சி நீளம் என்கிறார்கள். வெட்டினால் மழையும் சோகமும் போய்விடாதா? அதிலிருந்து ஒரு வரி: ‘கருமேகங்கள் கவிந்த அந்தச் சோகமான மாலையில், இடைவிடாத மழை ஓட்டுக்கூரையில் தாளம்போட, கணவனை இழந்த துயரத்தில் ஆழ்ந்திருந்த காமாட்சி, கொடியில் எடுக்கப்படாமல் தொங்கிய அவனது வெள்ளைச் சட்டையை வெறுமை நிறைந்த கண்களால் வெறித்துப் பார்த்தாள்.’

பதில்: உங்கள் சோகம் அந்தச் சட்டையில்தான் இருக்கிறது. மற்ற சொற்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள். காபி கொடுத்து அனுப்பிவிடலாம்!

வரியைப் படித்துவிட்டுத் தாளை மூடுங்கள். கண்ணில் நிற்பது மழையும் சட்டையும். அவற்றைத் தொடாதீர்கள். ‘சோகமான’, ‘துயரத்தில்’, ‘வெறுமை நிறைந்த’ மூன்றும் உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுபவை. முதலில் அவை போகட்டும். மழை வந்தபின் மேகம் எதற்கு? கணவன் இறந்த செய்தி அடுத்த பத்திக்குப் போகலாம். அதற்கு மேல் தள்ளினால் வாசகர் புதிர் அவிழ்க்கத் தொடங்கிவிடுவார்.

மிச்சம் இது: ‘மூன்றாவது நாளாக மழை. கொடியில் அவன் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. காமாட்சி எடுக்கவில்லை.’

‘மூன்றாவது நாள்’ நான் சேர்த்தது. வெட்டும்போது ஓரிரு சொல் கூட்டவும் வேண்டியிருக்கும். ‘இடைவிடாத’ என்பதைவிட அது மழையை நன்றாகப் பெய்யவைக்கிறது. ‘வெறித்துப் பார்த்தாள்’ என்பதைவிட ‘எடுக்கவில்லை’ வலிக்கிறது, அது அவள் செய்யாத செயல் என்பதால்.

இதற்குமேல் வெட்டி, ‘மழை. சட்டை. காமாட்சி.’ என்று எழுதிவிடாதீர்கள். அது சலவைக்கடைச் சீட்டு.